ஐடிசி பங்கின் மதிப்பு மைனஸ் 374 ரூபாயா? டிவிடெண்ட் கணக்கில் எங்கே தப்பு?

அரைக்காசு | 14 ஜூன் 2025, காலை 7.40

ஒரு பங்கின் மதிப்பு என்பது அது இனிமேல் தரப்போகும் எல்லா டிவிடெண்டுகளின் இன்றைய மதிப்பு என்று படித்தேன். டிவிடெண்ட் வருஷா வருஷம் ஒரே வேகத்தில் வளரும் என்று வைத்தால் கணக்கு ஒரே வரியில் முடிகிறது:

```
P = D1 / (r - g)
```

D1 அடுத்த வருஷ டிவிடெண்ட், r நான் எதிர்பார்க்கும் வருமானம், g டிவிடெண்ட் வளரும் வேகம். என்னிடம் ஐடிசி இருப்பதால் அதையே போட்டுப் பார்த்தேன். 2018-19ல் 5.75 ரூபாய், 2024-25ல் 14.35. ஆறு வருஷத்தில் வருஷத்துக்கு 16.47% வளர்ச்சி. r-க்கு 12% வைத்தேன். எக்செல் மைனஸ் 374 என்கிறது. அதாவது இந்தப் பங்கை நான் வாங்கிக்கொள்ள யாராவது எனக்கு 374 ரூபாய் தர வேண்டும். சந்தையிலோ 420 பக்கம் ஓடுகிறது. ஃபார்முலாவை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன், அடைப்புக்குறி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ராத்திரி டிரேடர் | 14 ஜூன், காலை 9.15

இதெல்லாம் பரீட்சைக்குப் படிக்கிற சமாச்சாரம். டிவிடெண்டுக்கான உரிமை முடிகிற அன்றைக்கே பங்கு விலையில் அந்தத் தொகை குறைந்துவிடுகிறது. வலது பையில் இருந்து இடது பைக்கு மாற்றுவதற்கு எதற்கு ஃபார்முலா? தவிர, நான் அஞ்சு வருஷத்தில் விற்றுவிடுவேன். முடிவே இல்லாத காலத்து டிவிடெண்ட் எனக்கு எதற்கு?

தறிக்காரன் | 14 ஜூன், காலை 10.02

போன மாசம் ஐடிசி 785% டிவிடெண்ட் அறிவித்ததாகச் செய்தியில் பார்த்தேன். நீங்கள் 14 ரூபாய் என்கிறீர்கள். 420 ரூபாய்க்கு 785 சதவீதம் என்றால் மூவாயிரத்துக்கு மேல் வர வேண்டுமே? என் மச்சான் 100 பங்கு வைத்திருக்கிறான், அவனிடம் கேட்டால் சிரிக்கிறான்.

பழைய லெட்ஜர் | 14 ஜூன், மதியம் 1.30

தறிக்காரன் தம்பி, அந்தச் சதவீதம் முகமதிப்பின் மேல் போடுவது. ஐடிசியின் முகமதிப்பு 1 ரூபாய், 785% என்றால் 7.85 ரூபாய். அதுதான் இறுதி டிவிடெண்ட். இடைக்கால டிவிடெண்டாக முன்னாடியே 6.50 கொடுத்தார்கள். ரெண்டும் சேர்ந்தால் அரைக்காசு சொன்ன 14.35. மச்சான் சிரித்ததில் நியாயம் இருக்கிறது.

இப்போது மைனஸ் 374. ஃபார்முலாவில் தப்பில்லை, g-யில்தான் தப்பு. இந்தச் சூத்திரம் g-ஐ காலகாலத்துக்கும் எடுத்துக்கொள்கிறது. 16.5% வேகத்தில் முடிவில்லாமல் வளரும் ஒன்றுக்கு 12% போட்டுக் கழித்தால், தூரத்து வருஷங்களின் தொகை குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போகும். கூட்டினால் எல்லையே இல்லை. r-ஐ விட g பெரிதானதும் சூத்திரம் வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது, ஆனால் எக்செல் அதைச் சொல்லாது. கழித்து வகுத்து ஒரு எண்ணைக் கையில் கொடுத்துவிடும்.

அந்த 16.5% எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வருஷா வருஷம் எழுதினால் தெரியும்: 5.75, 10.15, 10.75, 11.50, 15.50, 13.75, 14.35. முதல் படிதான் பெரிய பாய்ச்சல். 2019-20 டிவிடெண்டில் மூன்று காரியங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. செப்டம்பர் 2019ல் நிறுவன வரியைக் குறைத்தார்கள், அதனால் லாபம் கூடியது. 2020 ஏப்ரலில் டிவிடெண்ட் விநியோக வரியை எடுத்தார்கள். அதுவரை நிறுவனம் அரசுக்குக் கட்டிய பணம் பங்குதாரர் பக்கம் திரும்பியது. மூன்றாவது, லாபத்தில் 80 முதல் 85 சதவீதம் வரை பிரித்துக்கொடுப்போம் என்று ஐடிசி கொள்கையையே மாற்றியது. இந்த மூன்றும் ஒரு தடவைதான் நடக்கும். அதை ஆறு வருஷத்துக்குப் பரப்பி, அப்புறம் சாகாவரம் கொடுத்து ஓட விட்டிருக்கிறீர்கள்.

அரைக்காசு | 14 ஜூன், மாலை 6.20

அய்யோ. சரி, 10.15-லிருந்து தொடங்கினால் ஐந்து வருஷத்தில் 14.35. வருஷத்துக்கு 7.2%. 7 என்றே வைக்கிறேன். r-ஐயும் 11 ஆக்கினேன். பத்து வருஷ அரசுப் பத்திரம் 6.3% பக்கம் தருகிறது, பங்கு என்பதால் மேலே நாலரை, அஞ்சு சேர்த்தேன். D1 = 14.35 × 1.07 = 15.35. அதை 0.04-ஆல் வகுத்தால் 384.

பரவாயில்லையே! சந்தை விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அப்படியானால் பங்கு கொஞ்சம் விலை கூட, விற்கலாம் என்று அர்த்தமா?

அரைக்காசு | 14 ஜூன், மாலை 6.55

மேலே எழுதியதை அவசரப்பட்டு எழுதிவிட்டேன். r-ஐ 10.5 ஆக்கிப் பார்த்தேன், 439 வருகிறது. இப்போது பங்கு மலிவு. 12 ஆக்கினால் 307, அநியாய விலை. அரை சதவீதத்தை நகர்த்தினால் 'விற்கலாம்' என்பது 'வாங்கலாம்' ஆகிவிடுகிறது. அந்த நாலரை, அஞ்சு நான் டீ குடிக்கும்போது தோராயமாகப் போட்டது.

ஓய்வூதியன் | 15 ஜூன், காலை 6.10

நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். டிவிடெண்டை நம்பித்தான் வீட்டு மளிகை ஓடுகிறது, அதனால் இந்தக் கணக்கை வாழ்ந்தே பார்த்தவன். ஐடிசியில் ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. 2022-23ல் 15.50 கொடுத்துவிட்டு அடுத்த வருஷம் 13.75 என்று குறைத்துவிட்டார்கள். டிவிடெண்டைக் குறைக்கிற நிறுவனத்துக்கு 7% வளர்ச்சி போடுவது எப்படி?

பழைய லெட்ஜர் | 15 ஜூன், காலை 8.45

சார், அந்த 15.50-ல் 2.75 ஸ்பெஷல் டிவிடெண்ட். வழக்கமானது 12.75. அங்கிருந்து 13.75, அது உயர்வுதான். வங்கிக் கணக்கில் இரண்டும் ஒரே மாதிரித்தான் வந்து விழும், அதனால் தெரியாது. ஆனால் ஸ்பெஷலை D-யில் சேர்த்துவிட்டால், அதை ஒவ்வொரு வருஷமும், அதுவும் வளர்ந்துகொண்டே தருவார்கள் என்று மாடல் நம்பிவிடும்.

ஓய்வூதியன் | 15 ஜூன், காலை 9.05

அப்படியா. பாஸ்புக்கைப் பார்த்துச் சொன்னேன், தப்புதான். இதே தப்பை வேறு ஒரு நிறுவனத்தில் பணம் போட்டே செய்திருக்கிறேன். பெயர் வேண்டாம். ஒரு வருஷம் விலையில் 9% டிவிடெண்ட் வந்தது, எஃப்டியை உடைத்துப் போட்டேன். ஒரு நிலத்தை விற்று அந்தக் காசைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று பிற்பாடு ஆண்டறிக்கையில் படித்தேன். அடுத்த வருஷம் விற்க நிலம் இல்லை.

பழைய லெட்ஜர் | 15 ஜூன், மாலை 4.00

ராத்திரி டிரேடர் கேட்டதற்கு வருகிறேன். அவர் கேட்டதில் பாதி சரி. டிவிடெண்டுக்கான உரிமை முடிகிற அன்று விலை ஏறக்குறைய அந்த அளவு இறங்கத்தான் செய்யும். மாடலும் அதைத்தான் சொல்கிறது. வரவேண்டிய தொகைகளில் ஒன்று தனியாகப் பிரிந்துவிட்டது, மீதி இருப்பவற்றின் மதிப்பு அந்த அளவு குறைவு.

அஞ்சு வருஷத்தில் விற்பதாகவே வைத்துக்கொள்வோம். அரைக்காசு போட்ட 11, 7 கணக்கில் அஞ்சு டிவிடெண்டுகள் 15.35, 16.42, 17.57, 18.80, 20.12. ஒவ்வொன்றையும் 11% போட்டு இன்றைக்குக் கொண்டுவந்தால் மொத்தம் 64 ரூபாய். அப்புறம் விற்கிறீர்கள். வாங்குகிறவர் என்ன விலை தருவார்? ஆறாவது வருஷத்தில் இருந்து தனக்கு வரப்போகும் டிவிடெண்டைப் பார்த்துத்தான் தருவார்: 21.53-ஐ 0.04-ஆல் வகுத்தால் 538. அதன் இன்றைய மதிப்பு 319. 64-ம் 319-ம் சேர்ந்து 383, பைசா விட்டுப்போனதைச் சேர்த்தால் பழைய 384. நீங்கள் விற்பதால் கணக்கு மாறவில்லை. உங்களுக்குப் பின்னால் வருகிறவரின் டிவிடெண்டை நீங்கள் முன்கூட்டியே பணமாக வாங்கிக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான்.

எனக்கு இதில் பிடித்தது வேறு. 384-ல் முதல் அஞ்சு வருஷத்தின் பங்கு வெறும் 64, ஆறில் ஒன்று. மீதி அஞ்சு பங்கும் யாரும் கண்ணால் பார்க்க முடியாத தூரத்தில் இருக்கிறது. அரை சதவீதத்துக்கு விலை ஏன் இப்படி ஆடுகிறது என்று அரைக்காசு குழம்பினாரே, காரணம் இதுதான்.

ராத்திரி டிரேடர் | 15 ஜூன், இரவு 11.50

வாங்குகிறவர் அப்படிக் கணக்குப் போடுவார் என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள். என்னிடம் வாங்கியவன் எவனும் போட்டதில்லை. அவனும் என்னை மாதிரி அடுத்தவனை நம்பித்தான் வாங்குகிறான்.

பழைய லெட்ஜர் | 16 ஜூன், காலை 7.30

அதை மறுக்க மாட்டேன். சங்கிலியின் கடைசியில் யாராவது ஒருவர் நிறுவனத்திடம் இருந்து பணத்தைக் கையில் வாங்கியாக வேண்டும். ஜான் பர் வில்லியம்ஸ் 1938ல் இந்த டிவிடெண்ட் கணக்கை எழுதியதே இந்தச் சண்டைக்காகத்தான் என்று நினைக்கிறேன். 1929 சரிவின்போது அவர் பங்குச்சந்தைப் பகுப்பாய்வாளர். அதற்குப் பிறகு ஹார்வர்டுக்குப் பொருளாதாரம் படிக்கப் போனார். அடுத்தவன் என்ன விலை தருவான் என்று மட்டும் பார்த்து வாங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர். நாம் போடும் ஒருவரிச் சூத்திரத்தைப் பரப்பியவர் மைரன் கார்டன், அது 1950களில்.

தறிக்காரன் | 16 ஜூன், காலை 11.20

எனக்கு ஒரு சந்தேகம், இது சரியான சந்தேகமா பாருங்கள். எம்ஆர்எஃப் ஒரு பங்கு லட்சத்தைத் தாண்டி விற்கிறது. இடைக்காலமாக 3 ரூபாய், 3 ரூபாய் என்று கொடுத்து, கடைசியில் 229. மொத்தம் 235. இதை உங்கள் சூத்திரத்தில் போட்டால்?

அரைக்காசு | 16 ஜூன், மதியம் 12.05

போட்டேன். r 12, g 10 என்று தாராளமாக வைத்தும் 12,925 வருகிறது. விலையில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. தறிக்காரன் கேட்டதில் இதுதான் அருமையான கேள்வி.

பழைய லெட்ஜர் | 16 ஜூன், இரவு 9.10

எம்ஆர்எஃப் லாபத்தில் இருபதில் ஒரு பங்குதான் டிவிடெண்டாகத் தருகிறது, மீதியை ஆலையில் போடுகிறது. அந்த மீதி வீணாகவில்லை என்றால் ஒரு நாள் பெரிய டிவிடெண்டாகத் திரும்ப வேண்டும். 12,925 கணக்கு அந்த நாள் வரவே வராது என்று வைத்துக்கொண்டது. இன்றைக்குக் கொடுக்கிற 5% எப்போதும் 5% தான் என்று. கொள்கையளவில் மாடல் பொய்யில்லை, ஆனால் அந்த நாள் எப்போது என்று தெரியாதபோது எண்களை நீங்களே கற்பனை செய்ய வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட நிறுவனத்துக்கு லாபத்தையோ, முதலீடு போக மிஞ்சும் பணத்தையோ வைத்துக் கணக்குப் போடுவதுதான் பிழைக்கிற வழி. ஐடிசி மாதிரி லாபத்தில் பெரும்பங்கைக் கொடுத்துவிடுகிற இடத்தில்தான் டிவிடெண்ட் மாடலுக்கு உருப்படியான வேலை.

அரைக்காசு | 17 ஜூன், இரவு 10.40

ராத்திரி தூக்கம் வரவில்லை, 7%-ஐயும் சந்தேகப்பட்டேன். 2019-20ல் ஒரு பங்குக்கு லாபம் 12.30 போல. 2024-25ல், ஹோட்டலைப் பிரித்ததால் வந்த ஒரு தடவை லாபத்தை எடுத்துவிட்டால், 16 போல. வருஷத்துக்கு 5.5% கூட இல்லை. அப்புறம் டிவிடெண்ட் மட்டும் எப்படி 7% வளர்ந்தது? லாபத்தில் கொடுக்கிற பங்கு 82-லிருந்து 89-க்கு ஏறியிருக்கிறது. இது 100-ஐத் தாண்டி ஓடாது. லெட்ஜர் அண்ணன் முதலில் சொன்ன அதே தப்பை, சின்ன அளவில், நான் மறுபடி செய்திருக்கிறேன்.

அதனால் இரண்டு துண்டாகப் போட்டேன். முதல் பத்து வருஷம் 7%, அதற்கு மேல் 5.5%. r அதே 11. பத்து வருஷ டிவிடெண்டுகளுக்கு 118, அதற்கப்புறம் உள்ளதற்கு 191. மொத்தம் 309. பதினோராவது வருஷத்தில் இருந்து ஒன்றரை சதவீதம் குறைத்ததில் இன்றைக்கு 75 ரூபாய் போய்விட்டது. அந்த வருஷம் என் பையன் கல்லூரி முடித்திருப்பான்.

பழைய லெட்ஜர் | 18 ஜூன், காலை 7.15

நான் முந்தாநாள் எழுதியதில் சேர்க்க வேண்டியது, 7%-ஐ நானும் கேள்வி கேட்காமல் விட்டேன். நல்ல வேளை நீங்கள் பிடித்தீர்கள்.

இன்னொரு பக்கத்தில் இருந்தும் பார்க்கலாம். லாபத்தில் 85 கொடுத்துவிட்டு 15 வைத்துக்கொள்கிறார்கள். வைத்துக்கொண்ட பணம் 28% சம்பாதித்தால் வளர்ச்சி 0.15 × 28, கிட்டத்தட்ட 4.2%. அதற்கு மேல் வருவதெல்லாம் புதிதாகப் பணம் போடாமல் சிகரெட் விலையை ஏற்றுவதில் இருந்து வர வேண்டும். இதுவரை ஏற்ற முடிந்தது. ஒரு பட்ஜெட்டில் வரி எகிறி, ஆட்கள் கடத்தல் சிகரெட்டுக்குப் போனால் முடியாது. g-க்குள் இந்த அரசியல் எல்லாம் ஒளிந்திருக்கிறது.

என் பழக்கம், சூத்திரத்தைத் திருப்பிப் போடுவது. விலையைக் கேட்காமல், விலையைக் கொடுத்துவிட்டு g-ஐக் கேட்பேன்.

அரைக்காசு | 18 ஜூன், இரவு 8.30

திருப்பிப் போட்டேன். இதற்காகவே இந்த இழையைத் தொடங்கியிருக்கலாம்.

நான் ஐடிசி வாங்கியது 2020 அக்டோபரில், 170 ரூபாய்க்கு. ஊரே அந்தப் பங்கை வைத்து மீம் போட்டுக்கொண்டிருந்த காலம். டிவிடெண்ட் 10.15. r 11 என்றால், அந்த விலை 4.75% வளர்ச்சியை நம்பியது. இன்று 420, டிவிடெண்ட் 14.35. அதே r-க்கு 7.3% வளர்ச்சியை நம்புகிறது.

நடந்தது இவ்வளவுதான். டிவிடெண்ட் 41% ஏறியது, விலையோ ஒன்றரை மடங்குக்குப் பக்கம் கூடியது (தனியாகக் கிடைத்த ஐடிசி ஹோட்டல்ஸ் பங்கை விட்டுவிட்டு). மீதி ஏற்றம் முழுவதும் 4.75 என்று நம்பியவர்கள் 7.3 என்று நம்ப ஆரம்பித்ததால் வந்தது. நான் ஏதோ கெட்டிக்காரத்தனமாக வாங்கியதாக இத்தனை நாள் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நிறுவனம் ஓடியதை விட மற்றவர்கள் மனசு மாறியதுதான் அதிகம். ராத்திரி டிரேடர் இதைப் படிக்க வேண்டாம்.

ராத்திரி டிரேடர் | 19 ஜூன், அதிகாலை 1.05

படித்துவிட்டேன்.

பழைய லெட்ஜர் | 19 ஜூன், காலை 7.00

மனசு மாறியது g-யில் மட்டும்தான் என்று எப்படித் தெரியும்? g 5.5 என்றே நிறுத்தி r-ஐக் கேட்டால், 420-க்கு r 9.1% வரும். வளர்ச்சியை அதிகமாக நம்புகிறார்களா, குறைந்த வருமானத்துக்குச் சம்மதித்திருக்கிறார்களா என்று விலையை வைத்துப் பிரிக்க முடியாது. சூத்திரத்தில் இருப்பது r-க்கும் g-க்கும் உள்ள இடைவெளி மட்டும்தான்.

ஓய்வூதியன் | 20 ஜூன், காலை 6.00

எனக்கு 9 போதும் தம்பி. எஃப்டி ஏழு தருகிறது. ஆனால் நீங்கள் யாரும் வரியைத் தொடவே இல்லை. எனக்கு வருமானம் 12 லட்சத்துக்குள், புது முறையில் வரி வராது. வரி பிடிக்க வேண்டாம் என்று 15எச் படிவம் கொடுத்துவிடுகிறேன், 14.35 முழுசாகக் கைக்கு வருகிறது. 30% படியில் இருக்கிற என் மகனுக்கு செஸ் சேர்த்து 31.2 போக 9.87 தான். ஒரே பங்கு. என் கணக்கில் 384 என்றால் அவன் கணக்கில் 264. இந்த மாடல் எங்கள் இருவரில் யாருக்கு விலை சொல்கிறது?

அரைக்காசு | 20 ஜூன், இரவு 9.45

நான் 20% படி. எனக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு எண் வரும், அதைப் போட்டுப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

பழைய லெட்ஜர் | 22 ஜூன், காலை 8.20

சார், உங்கள் மகனுக்கு வரியைக் கழித்தால் r-ஐயும் வரி போக எடுக்க வேண்டும். அவருடைய எஃப்டி 7% கூட கைக்கு 4.8 தான். D-யை மட்டும் வெட்டி r-ஐ அப்படியே விட்டால் 264 என்பது நியாயமான எண் இல்லை. ஆனால் r எவ்வளவு இறங்கும் என்றால், விலை ஏற்றத்துக்கு வேறு வரி, அதுவும் விற்கும்போதுதான். இரண்டு நாளாகத் தாளில் போட்டுப் பார்க்கிறேன், மூன்று விதமாக வருகிறது. சந்தையில் கடைசி விலையை வைக்கிறவர் வரி கட்டாத மியூச்சுவல் ஃபண்டா, வெளிநாட்டுக்காரரா, உங்கள் மகன் மாதிரி ஒருவரா என்பதைப் பொறுத்தது என்று மட்டும் தோன்றுகிறது. வேறு யாராவது போட்டுப் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

தறிக்காரன் | 22 ஜூன், காலை 10.40

மச்சானுக்கு 100 பங்குக்கு 1,435 ரூபாய் என்று சொல்லிவிட்டேன். பாதிக்கு மேல் இன்னும் வரவில்லையே என்கிறான். 785% எப்போது கணக்கில் ஏறும்?

ஓய்வூதியன் | 22 ஜூன், காலை 10.55

பொதுக்குழுவில் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் போடுவார்கள், பொறுக்கச் சொல்லுங்கள். அவர் வங்கிக் கணக்கு டீமேட்டில் சரியாக இணைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு ஒரு முறை பழைய கிளைக்குப் போய் ஏழு மாசம் அலைந்தேன்.